M12 போல்ட்ல பிட்ச் மட்டும்தான் மாத்தினேன், ட்ரீ முழுக்க செவப்பு

அம்பத்தூர்_பையன் · திங்கள் இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எஸ்டேட்ல ஒரு சின்ன ஃபிக்ஸ்சர் கம்பெனில சேந்து எட்டு மாசம் ஆகுது, டிசைன்ல நான் ஒருத்தன்தான், கேக்க ஆள் இல்ல, அதான் இங்க வந்துட்டேன். M12 நீளம் 60 ஹெக்ஸ் போல்ட் ஒண்ணு சாலிட்வொர்க்ஸ்ல நிஜ மரையோட போட்டேன், 1.75 பிட்ச், சூப்பரா வந்துச்சு. இன்னிக்கு கஸ்டமர் ஃபைன் த்ரெட் வேணும், 1.25 பிட்ச்னு மெயில் போட்டாரு. சரி ஒரு நம்பர்தானேன்னு ஹீலிக்ஸ்ல போய் மாத்தினா மூணு ஃபீச்சர் செவப்பாயிடுச்சு. ட்ரீ இதான்:

```
Boss-Extrude1    <- தலை
Boss-Extrude2    <- தண்டு, 60
Chamfer1         <- முனை
Helix/Spiral1
Cut-Sweep1       <- எரர்
Fillet1          <- எரர்
Cut-Revolve1     <- எரர், தலை மேல 30 டிகிரி
```

ரெண்டு மணி நேரமா Fillet1-அ அழிச்சு அழிச்சு திரும்ப போட்டுப் பாக்கறேன், எடுக்கவே மாட்டேங்குது. மறுபடி முதல்லேந்து வரையணுமா?

லேத்து_மாமா · திங்கள் இரவு 10:05

தம்பி, 1.75 போல்ட்டுக்கு 1.25 நட்டு போட்டா எப்படி ஏறும், பாதி சுத்துல இறுகிடும், பலவந்தமா திருகினா ரெண்டு மரையும் போச்சு. கடைல குடுக்கறப்பவே பிட்ச் கேஜ் வெச்சுப் பாத்து வாங்கணும். பாரிஸ் கார்னர்ல ஒரே டப்பால ரெண்டையும் கலந்து போட்டு வெச்சிருப்பானுங்க, எனக்கே ஒரு தடவ ஆயிருக்கு.

அம்பத்தூர்_பையன் · திங்கள் இரவு 10:11

மாமா நட்டு பிரச்சன இல்ல, கம்ப்யூட்டர்ல மாடல் பிரச்சன 😅

லேத்து_மாமா · திங்கள் இரவு 10:14

ஓ படமா. படத்துல மரை எதுக்குப்பா வெட்டற? டிராயிங்ல M12×1.25 - 6g னு ஒரு வரி எழுதினா நாங்க டை வெச்சு ரெண்டு நிமிஷத்துல போட்டுக் குடுத்துடுவோம். உன் மாடல பாத்து ஒருத்தனும் மரை போட மாட்டான்.

ரீபில்ட்_ராணி · திங்கள் இரவு 10:32

மாமா சொல்றது பெரும்பாலான வேலைக்கு சரிதான், ஆனா தம்பிக்கு தேவை இருக்கும்போல, அத அப்புறம் பேசலாம்.

தம்பி, மொதல்ல Fillet1-அ விடுங்க, அது மேல தப்பே இல்ல. செவப்பு ட்ரீல எப்பவும் ஆக மேல இருக்கற செவப்ப மட்டும் பாருங்க. Cut-Sweep1 விழுந்ததால மரையோட ஓரங்களே இப்ப கிடையாது, அந்த ஓரத்த புடிச்சுட்டிருந்த ஃபில்லட் எதப் புடிக்கும்? கீழ இருக்கற ரோல்பேக் பட்டைய இழுத்துட்டுப் போய் Cut-Sweep1-க்கு நேர் கீழ நிறுத்திட்டு, அந்த ப்ரொஃபைல் ஸ்கெட்ச்ல இருக்கற நம்பர் எல்லாத்தையும் அப்படியே போடுங்க. பிட்ச் தவிர வேற என்னெல்லாம் மாத்தினீங்க, எதெல்லாம் பழசாவே இருக்குன்னும் சொல்லுங்க.

வேளச்சேரி_விக்கி · திங்கள் இரவு 10:40

ப்ரோ இது ரொம்ப சிம்பிள். ப்ரொஃபைல் 1.75-க்கு போட்ட சைஸ்லயே இருக்கு, 1.25 பிட்ச்ல பக்கத்து சுத்தோட இடிக்குது. ப்ரொஃபைல சின்னது பண்ணு, முடிஞ்சுது.

அம்பத்தூர்_பையன் · திங்கள் இரவு 11:02

விக்கி அண்ணா அது எனக்கும் தோணிச்சு, மாத்திட்டேன். ராணி அக்கா, நம்பர் இதோ. தண்டு மேற்பரப்புல பள்ளத்தோட அகலம் 1.094 (பிட்ச்ல 7/8), ஆழம் 0.677, அடில தட்டை 0.3125, பக்கம் ரெண்டும் சேந்து 60 டிகிரி. வெட்டு சுத்தமா வரணும்னு ப்ரொஃபைல தண்டுக்கு வெளிய 0.15 நீட்டி விட்டிருக்கேன், அதே சாய்வுல. அந்த 0.15 மட்டும் பழைய மாடல்ல இருந்தது, அத தொடல, அது வெளிய காத்துலதான இருக்கு.

ரீபில்ட்_ராணி · திங்கள் இரவு 11:25

அந்த காத்துலதான் இடிக்குது தம்பி.

கணக்கு போட்டுப் பாருங்க. பக்கச் சுவர் ஒவ்வொண்ணும் 30 டிகிரி சாய்வு, அதனால வெளிய 0.15 நீட்டினா ஒவ்வொரு பக்கமும் 0.15-அ 0.577-ஆல பெருக்கினா வர்ற 0.0866 விரியும், ரெண்டு பக்கமும் சேந்து 0.173. மேற்பரப்புல 1.094, அதோட 0.173 சேத்தா ப்ரொஃபைலோட வெளி விளிம்பு 1.267. பிட்ச் 1.25. அதாவது ஒரு சுத்து வெட்டிட்டு அடுத்த சுத்துக்கு வரும்போது ப்ரொஃபைல் தன்னோட பழைய பாதையவே 0.017 மிமீ மிதிக்குது. போல்ட்ட தொடவே இல்ல, வெளில வெறும் இடத்துலதான் மிதிக்குது, ஆனா சாஃப்ட்வேர் மொதல்ல ஸ்வீப்ப முழு உருவமா செஞ்சுட்டுத்தான் போல்ட்லேந்து கழிக்கும், அந்த உருவம் தன்னையே வெட்டிக்கிட்டா அங்கயே நின்னுடும்.

1.75-ல ஏன் ஓடிச்சுன்னா அங்க 1.531 கூட 0.173 சேத்தா 1.704, பிட்சுக்குள்ள அடங்கிடுச்சு. உங்களுக்கு அதிர்ஷ்டம், அவ்ளோதான். இந்த நீட்டல் அதிகபட்சம் முக்கோண உயரத்துல எட்டுல ஒரு பங்கு வரைக்கும்தான் போகலாம், 1.75-க்கு அது 0.189, 1.25-க்கு 0.135. நீங்க 0.15.

இன்னொண்ணு, இது எப்பவும் செவப்பாத்தான் காட்டும்னு நம்பாதீங்க. சில சமயம் சாதா ரீபில்ட்ல பச்சையா நிக்கும், கஸ்டமருக்கு STEP அனுப்பின அப்புறம் அவங்க பக்கம் பாடி ஓட்டையா தொறக்கும். ஆப்ஷன்ஸ்ல Verification on rebuild போட்டுட்டு Ctrl+Q அடிச்சுப் பாத்தா உண்மை தெரியும்.

அம்பத்தூர்_பையன் · திங்கள் இரவு 11:31

அய்யோ 0.017-க்கா நான் சாப்பாடு கூட சாப்புடாம உக்காந்திருந்தேன்

வேளச்சேரி_விக்கி · திங்கள் இரவு 11:34

அதான் சொன்னேன்ல, இடிக்குதுன்னு 😎 0.15-அ 0.1 ஆக்கு. நான் எல்லா போல்ட்டுக்கும் 0.1தான் போடறேன், ஒரு தடவ கூட விழுந்ததில்ல.

ரீபில்ட்_ராணி · செவ்வாய் காலை 7:50

விக்கி, இடிக்குதுன்னு சொன்னது சரிதான், 0.1 இந்த போல்ட்டுக்கு ஓடவும் ஓடும். M6 வரைக்கும் கூட ஓடும், பிட்ச் 1, விளிம்பு 0.99, மயிரிழைல தப்பிக்கும். M4 போட்டுப் பாருங்க. பிட்ச் 0.7, மேற்பரப்புல 0.6125, 0.1 நீட்டலுக்கு 0.1155 சேந்து 0.728. விழும். நீங்க M4 போடாததால விழல.

நீட்டலயும் பிட்ச்லேந்தே எடுத்தா இந்தக் கவலையே இல்ல. நான் பிட்ச்ல 5 சதவீதம் வெச்சுக்கறேன், விளிம்பு எப்பவும் பிட்ச்ல சுமார் 93 சதவீதத்துலயே நிக்கும். Equations-ல இப்படி:

```
"D"   = 12
"P"   = 1.25
"L"   = 60
"b"   = 2 * "D" + 6
"ext" = 0.05 * "P"
"W"   = 0.875 * "P" + 1.1547 * "ext"
```

`b` மரை நீளம், 125 மிமீ வரைக்குமான போல்ட்டுக்கு இந்தக் கணக்குதான், M12-க்கு 30 வரும். `W` வெளி விளிம்போட அகலம். ஆழத்தையும் அடித்தட்டையையும் இதே மாதிரி `P`-லேந்து எடுங்க, 0.5413 மடங்கும் கால் பங்கும்.

அடுத்து உங்க ஃபீச்சர் வரிசை, ஆபீஸ் போய்ட்டு எழுதறேன், 8:10 ட்ரெயின்.

கீழ்க்கட்டளை_பிரிண்டு · செவ்வாய் காலை 9:15

நான் 3டி பிரிண்ட் ஆளு, ஃப்ரீகேட்லதான் வரைவேன். எனக்கும் இதே கத தான் ஆனா வேற மாதிரி. ஒரு ஜாடி மூடிக்கு மரை போட்டுட்டு அதுக்கு மேல ஓரமெல்லாம் உருட்டினேன், அப்புறம் மேல ஏதோ ஒரு ஸ்கெட்ச்ல ஒரு கோடு சேத்தேன், உருட்டினது எல்லாம் வேற ஓரத்துக்கு தாவிடுச்சு, Edge12 இருந்த இடத்துல Edge17. 1.0 வெர்ஷன் 2024 நவம்பர்ல வந்தப்புறம் அது ரொம்பவே குறைஞ்சிருக்கு, ஆனா முழுசா போகல. இப்ப நான் கத்துக்கிட்டது, மரையோட ஓரத்த எதுக்கும் தொடறதில்ல. அப்புறம் தம்பி பிரிண்டுக்குன்னா நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல இடைவெளி விடணும், ஸ்டாண்டர்ட் சைஸ்ல அப்படியே அடிச்சா திருகவே முடியாது.

அம்பத்தூர்_பையன் · செவ்வாய் காலை 9:22

பிரிண்டுக்கு இல்ல அண்ணா, கஸ்டமர் STEP-ல நிஜ மரை கேக்கறாரு, அவங்க கேட்டலாக்ல படம் எடுக்கணுமாம்.

ரீபில்ட்_ராணி · செவ்வாய் மதியம் 1:20

டிபன் பாக்ஸ் பக்கத்துல வெச்சுட்டு எழுதறேன், நீளமா இருக்கும்.

உங்க ட்ரீல எனக்கு பயம் குடுக்கறது செவப்பு இல்லாத Helix/Spiral1 தான். அந்த வட்டத்த எப்படி வரைஞ்சீங்கன்னு சொல்லல, ஆனா சாம்ஃபருக்கு கீழ இருக்கறதால போல்ட் முனைல ஸ்கெட்ச் போட்டு சாம்ஃபரோட ஓரத்த Convert Entities பண்ணி, அத வெளிய ஆஃப்செட் பண்ணி 12 ஆக்கியிருப்பீங்கன்னு நெனக்கறேன். அப்படின்னா நாளைக்கு சாம்ஃபர 1-லேந்து 1.5 ஆக்கினா ஹீலிக்ஸ் விட்டம் 11 ஆயிடும், மரை ஆழமா வெட்டும், ட்ரீ பச்சையாவே இருக்கும். செவப்பு ஆனாலாவது கண்ணுல படும்.

அதனால வரிசைய இப்படி மாத்துங்க. ஆரிஜின தலைக்கு அடிப்பக்கம், வாஷர் உக்கார்ற முகத்துல வைங்க. போல்ட் நீளம் அங்கேந்துதான் அளக்கறோம், அசெம்பிளில மேட் பண்றதும் அந்த முகத்ததான். தண்ட எக்ஸ்ட்ரூட் பண்ணாதீங்க, ரிவால்வ் பண்ணுங்க, முனை சாம்ஃபர அந்த ஸ்கெட்சுக்குள்ளயே ஒரு சாய்வுக் கோடா வரைஞ்சுடுங்க. முனை விட்டம் மரை அடிய விட கொஞ்சம் கம்மியா, 1.75 மரைக்கு அடி 10.1, நான் 9.8 வெப்பேன், ஃபைனுக்கும் அதுவே போதும். சாம்ஃபர்னு தனி ஃபீச்சரே இல்லன்னா அதோட ஓரத்த யாரும் புடிக்க முடியாது பாருங்க.

அப்புறம் ஹெக்ஸ், மேல் பக்கமா 7.5. ஸ்பானர் அளவு 18 தானே போட்டிருக்கீங்க? பழைய DIN அளவுல வாங்கினது 19 இருக்கும், நம்ம ஊர்ல ரெண்டும் நடமாடுது, கஸ்டமர் கிட்ட கேட்டுடுங்க. அடுத்து தலை மேல 30 டிகிரி கட் ரிவால்வ், அதுக்கு ஆரிஜின்லேந்தும் அச்சுக்கோட்டுலேந்தும் மட்டும் டைமென்ஷன் குடுங்க. தலைக்கு அடில 0.6 ஃபில்லட். இதெல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் மரை.

மரைக்கு போல்ட் முகத்த தொடாதீங்க. ஆரிஜின் பிளேன்லேந்து `L + P` தூரத்துல ஒரு பிளேன், அதாவது போல்ட் முனைக்கு வெளிய ஒரு பிட்ச் தள்ளி, அங்க ஆரிஜினோட அச்சுல `D` விட்டத்துல ஒரு வட்டம், அதுலேந்து தலைய நோக்கி `b + P` உயரத்துக்கு ஹீலிக்ஸ். வெளில ஆரம்பிச்சா வெட்டு முனைக்குள்ள சுத்தமா நுழையும், முனைலயே ஆரம்பிச்சா முதல் சுத்துல ஒரு மெல்லிசு தகடு மாதிரி மிச்சம் நிக்கும், பாத்திருப்பீங்க. ப்ரொஃபைல அச்சு வழியா போற பிளேன்ல வரைஞ்சு, ஹீலிக்ஸோட ஆரம்பப் புள்ளில கட்டுங்க. கடைசியா Cut-Sweep. அதுக்குக் கீழ ஒண்ணுமே வேணாம்.

அம்பத்தூர்_பையன் · செவ்வாய் மதியம் 1:34

அக்கா நீங்க பக்கத்துல உக்காந்து பாத்த மாதிரி சொல்றீங்க, Convert Entities பண்ணி ஆஃப்செட் 1 தான் குடுத்திருக்கேன். அதவிட கேவலம் ஒண்ணு இருக்கு, தலை சாம்ஃபருக்கு டைமென்ஷன மரை ஆரம்பிக்கற மூலைலேந்து எடுத்திருக்கேன், பக்கத்துல கர்சர் ஒட்டிக்கிச்சு, விட்டுட்டேன். அதான் Cut-Revolve1 செவப்பு.

பெருங்குடி_நைட்ஷிப்ட் · செவ்வாய் மாலை 6:50

ராணி மேடம் சொன்னதுல ஆரம்பப் புள்ளிங்கறத யாரும் சும்மா படிச்சுட்டுப் போயிடாதீங்க. நான் Pierce ரிலேஷன் குடுக்கறப்போ ஹீலிக்ஸ் மேல எங்கயோ க்ளிக் பண்ணிட்டேன். அந்த பிளேன ஹீலிக்ஸ் ஒவ்வொரு சுத்துலயும் ஊடுருவுது, 25 சுத்துன்னா அச்சுக்கு ஒரே பக்கத்துலயே சுமார் 25 இடம். பிட்ச் மாத்தினதும் ப்ரொஃபைல் ரெண்டு சுத்து உள்ள தாவி உக்காந்துடுச்சு, எரரும் இல்ல, முனைல ரெண்டு சுத்துக்கு மரையே இல்லாம மொழுக்குன்னு இருந்துச்சு. செக்கிங்ல சீனியர் கண்டுபுடிச்சாரு, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஆனா ஃபில்லட்ட மரைக்கு மேல வைக்கச் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். ஃபில்லட் எப்பவும் கடைசி, எங்க கம்பெனில அதான் ரூல். மேல வெச்சா ரேடியஸ தொடற ஒவ்வொரு தடவயும் கீழ இருக்கற ஸ்வீப் திரும்ப கணக்கு போடும், Performance Evaluation தொறந்து பாருங்க, மொத்த நேரத்துல பெரும்பங்கு அந்த ஸ்வீப்தான்.

ரீபில்ட்_ராணி · செவ்வாய் இரவு 8:15

ஃபில்லட் கடைசிங்கற ரூல் வார்ப்பு பார்ட், பிளாஸ்டிக் பார்ட்டுக்கு வந்தது நைட்ஷிப்ட், அங்க ஃபில்லட்தான் சிக்கலான ஐட்டம். போல்ட்ல சிக்கலான ஐட்டம் மரை. மரை கடைசில இருந்தா அதுக்கு குழந்தைங்க கிடையாது, சப்ரெஸ் பண்ணா ஒண்ணும் விழாது. ரெண்டு கான்ஃபிகரேஷன் வெச்சுக்கலாம், மரை இருக்கறது கேட்டலாக் படத்துக்கு, சப்ரெஸ் பண்ணி காஸ்மெட்டிக் த்ரெட் போட்டது அசெம்பிளிக்கு. ஒரு ஃபிக்ஸ்சர்ல நூத்திச் சொச்சம் போல்ட் நிஜ மரையோட இருந்தா சிஸ்டம் ஊர்ந்து போகும், மாமா கேட்டதுக்கு பதில் அங்கதான் இருக்கு. தலைக்கு அடில ரேடியஸ எத்தன தடவ மாத்துவீங்க, ஸ்டாண்டர்ட்ல இருக்கற அளவுதானே.

பெருங்குடி_நைட்ஷிப்ட் · செவ்வாய் இரவு 8:31

பாதி மரை போல்ட்டுக்கு நீங்க சொல்றது சரி. முழு மரை ஸ்க்ரூவுக்கு? IS 1364 பார்ட் 2 ஐட்டம், மரை தலை வரைக்கும் போகும். ஃபில்லட் மொதல்ல இருந்தா ஸ்வீப் முடியற இடத்துல அந்த ஃபில்லட்டுக்குள்ளயே வெட்டிட்டுப் போகும், அசிங்கமா ஒரு கீறல் வரும்.

ரீபில்ட்_ராணி · செவ்வாய் இரவு 8:40

அதுல நீங்க சொல்றது நியாயம். நான் ஹீலிக்ஸ தலைக்கு முன்னாடியே நிறுத்திடுவேன், நிஜ ஸ்க்ரூலயும் கடைசி ரெண்டு மூணு பிட்ச் முழு மரையா இருக்காது. ஆனா எல்லா சைஸுக்கும் ஒரே கணக்குல அது ஓடுமான்னா, எனக்கு ஓடல, சைஸுக்கு சைஸ் கைல நகத்தியிருக்கேன்.

லேத்து_மாமா · செவ்வாய் இரவு 9:10

லேத்துல மரை முடியற இடத்துல டூல வெளிய இழுப்போம், மெதுவா ஆழம் கொறஞ்சு போகும். உங்க படத்துல சுவரு மாதிரி சடார்னு நிக்குதேப்பா, அப்படி எந்த போல்ட்டுலயும் பாத்ததில்ல.

ரீபில்ட்_ராணி · செவ்வாய் இரவு 9:22

மாமா நீங்கதான் இன்னிக்கு சரியான இடத்துல கை வெச்சீங்க 🙏 தம்பி, ஹீலிக்ஸ்ல Variable pitch போட்டா டேபிள்ல விட்டத்தையும் மாத்தலாம். பிட்ச் அப்படியே வெச்சுட்டு கடைசி ஒரு சுத்துல விட்டத்த கூட்டினா ப்ரொஃபைல் மெதுவா போல்ட்ட விட்டு வெளிய ஏறிடும், மாமா டூல இழுக்கற மாதிரி. ஆழத்த விட ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் மேல விட்டம் ஏறணும், 1.25-க்கு 12-லேந்து 13.5 வரைக்கும் போதும். இந்தக் கடைசி சுத்து `b`-க்கு மேல கூடுதலா வரணும், இல்லன்னா முழு மரை ஒரு சுத்து கம்மியாயிடும்.

அம்பத்தூர்_பையன் · புதன் இரவு 10:55

முதல்லேந்து வரைஞ்சேன், நாப்பது நிமிஷம்தான் ஆச்சு. இப்ப ட்ரீ:

```
Revolve1
Boss-Extrude1
Cut-Revolve1
Fillet1
Plane1
Helix/Spiral1
Cut-Sweep1
```

1.25, 1.75, அப்புறம் சும்மா M10-க்கு `D` 10 `P` 1.5 மூணுக்கும் Ctrl+Q அடிச்சேன், Verification on rebuild போட்டே, எல்லாம் பச்சை. M10-க்கு ஹெக்ஸும் முனை விட்டமும் கைல மாத்தினேன், அதையும் ஈக்வேஷன்ல சேக்கணும்.

ஆனா M4 வெச்சுப் பாத்தப்போ ஸ்வீப் விழல, Fillet1 விழுந்துடுச்சு, 0.6-அ அப்படியே விட்டுட்டேன், தலையோட அடி முகத்துல அதுக்கு இடம் இருக்கே, தண்டு 4 தலை 7, அப்புறம் ஏன்? அப்புறம் மாமா சொன்ன மாதிரி மரைய வெளிய ஏத்தினேன், அழகா இருக்கு, ஆனா அந்த டேபிள்ல `P` ஏறமாட்டேங்குது, பிட்ச் மாத்தினா டேபிள்ல கையால அடிக்க வேண்டியிருக்கு.

வேளச்சேரி_விக்கி · புதன் இரவு 11:03

ஃபில்லட்ட அழிச்சுட்டு திரும்ப போட்டுப் பாரு ப்ரோ

ரீபில்ட்_ராணி · புதன் இரவு 11:10

விக்கி 🙂

தம்பி, M4-ல `L` என்ன வெச்சிருக்கீங்க, முனை சாம்ஃபர் விட்டம் 9.8-லயே நிக்குதா? தண்டே 4 தான். Revolve1 ஸ்கெட்ச தொறந்து அந்தக் கோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க, படம் போடுங்க. டேபிளுக்கு எனக்கும் வழி தெரியல, நான் ஒவ்வொரு பிட்சுக்கும் தனி கான்ஃபிகரேஷன் வெச்சுட்டு ஓட்டறேன்.